மாமாவின் மணிவிழாவும் தரங்கம்பாடியில் ஒரு ராத்திரியும்

ஜூலை 5, சனி – தஞ்சாவூர்

டென்மார்க்கில் ஆர்ஹுஸ் என்ற ஊரில் இருக்கிறோம். இரண்டு வார விடுப்பில் ஊருக்கு வந்தால் முதல் ராத்திரி மாமியார் வீட்டில்தான் தங்க வேண்டும், இது எங்கும் எழுதி வைக்காத சட்டம். என் அம்மா வீடு மயிலாடுதுறை. சென்னையிலிருந்து வரும் ரயில் அந்த ஊரைத் தாண்டித்தான் தஞ்சாவூருக்குப் போகும். மாயவரம் ஸ்டேஷனில் வண்டி நின்ற சில நிமிடத்தில் அம்மா பிளாட்பாரத்துக்கு வந்து, ஜன்னல் வழியாக ஒரு தூக்குவாளியில் தயிர்சாதம் கொடுத்துவிட்டுப் போனாள். இறங்க முடியாது. இறங்கினால் அது "நேராக அம்மா வீட்டுக்குப் போனவள்" என்று பதிவாகிவிடும்.

தஞ்சாவூரில் வெயில் கொளுத்துகிறது. மாமனார் வாசலிலேயே கேட்டார், "எத்தனை நாள் இங்க, எத்தனை நாள் அங்க?" காபி வருவதற்கு முன்பே. நான் கணவரைப் பார்த்தேன். அவர் செருப்பைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தார்.

ஜூலை 7, திங்கள் – தஞ்சாவூர்

ஊருக்கு வரும்போதெல்லாம் நாங்கள் மூவர் மட்டும் எங்காவது ஒரு ராத்திரி போய்த் தங்கவேண்டும் என்று திட்டம் போடுவோம். அது நடந்ததே இல்லை. ஏனென்று இப்போதுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் அம்மா உறவுகளை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறாள்: தங்கவேண்டிய வீடு, சாப்பிடவேண்டிய வீடு, தலைகாட்டவேண்டிய வீடு. தலைகாட்டும் வீட்டில் காபியோடு எழுந்துவிடலாம். சாப்பிடும் வீட்டுக்குக் காலை பதினொன்றரைக்குள் போகாவிட்டால் மரியாதை இல்லை, நாலு மணி காபி குடிக்காமல் கிளம்பினால் அதுவும் மரியாதை இல்லை, ஆக ஒரு சாப்பாட்டு வீடு என்றால் ஒரு முழு நாள் போயிற்று. வயதில் மூத்தவர் வீடு முதலில். அப்பா பக்கம் ஒரு வீடு சாப்பிட்டால் அம்மா பக்கமும் ஒரு வீடு. இதே பட்டியல் கணவர் பக்கமும் உண்டு. இதற்கு நடுவே "நாங்கள் மட்டும் ஒரு நாள்" என்று வெறும் நாளாகக் கேட்டால் யாரும் தரமாட்டார்கள். அந்த நாளில் போகாமல் விட்ட வீடு எது என்று உடனே தெரிந்துவிடும் அல்லவா?

இந்த முறை தாய்மாமாவுக்கு மணிவிழா, வெள்ளிக்கிழமை, திருக்கடையூரில். 1965, விசுவாவசு வருடம், ஆனி மாதம், உத்திராடம். அறுபது சுற்றி இந்த வருடமும் விசுவாவசு. ஆங்கிலப் பிறந்தநாளை யாரும் கேட்பதில்லை. பிறந்த தமிழ் மாதத்தில் பிறந்த நட்சத்திரம் வரும் நாளில்தான் செய்வார்கள், எனவே தேதியை நகர்த்த முடியாது. இதுதான் எனக்கு வேண்டியிருந்தது. யாராலும் நகர்த்த முடியாத ஒரு நாள், எல்லா உறவும் வந்தே தீரவேண்டிய ஒரு ஊர், அங்கிருந்து கடற்கரையோரமாக எட்டு கிலோமீட்டர் தெற்கே போனால் தரங்கம்பாடி.

ஆர்ஹுஸில் என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண்மணி நான் தமிழ்நாடு என்றதும் "த்ராங்கெபார்?" என்று கேட்டவர். அவர்களுக்கு அந்தப் பெயர் பள்ளிக்கூடத்திலேயே தெரியும். 1620லிருந்து 1845 வரை அது அவர்கள் ஊர். மாயவரத்தில் பிறந்து வளர்ந்த நான் அங்கே போனது பள்ளிச் சுற்றுலாவில், அதுவும் பாதி நேரம் வரிசையில் நின்று.

மாமியாரிடம் மெல்லச் சொன்னேன், "விழா முடிய மதியமாயிடும். பாப்பா தூங்கிடுவா. அன்னைக்கு ராத்திரி பக்கத்துலயே தங்கிட்டு மறுநாள் வர்றோம்." மாமியார் வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தாமல், "உங்கம்மா வீடு அரை மணி நேரந்தானே, லாட்ஜ்ல ஏன் தங்கணும்?" என்றார். நியாயமான கேள்வி. அரை மணி அல்ல, முக்கால் மணி. ஆனால் அதைச் சொல்லும் இடம் அது இல்லை.

ஜூலை 9, புதன் – மயிலாடுதுறை

காவிரியில் தண்ணீர் ஓடுகிறது. ஜூனிலேயே மேட்டூர் திறந்துவிட்டார்கள், வழி நெடுக குறுவை நாற்று நட்டிருந்தது. ரயில் ஜன்னலில் மகள் அதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கொண்டுவந்த சாமான்களைப் பிரித்துக் கொடுக்கும் நாள் இன்று. ஒரு தவறாத விதி: எந்த மிட்டாயைக் கொண்டுவந்தாலும் "இது இங்கயே கிடைக்குதே" என்பார்கள். டேனிஷ் பிஸ்கட் டப்பாவைப் பார்த்து சித்தி சொன்னது அதுதான். அதனால் இங்கே கிடைக்காத ஒன்றையும் எடுத்து வந்திருந்தேன், அங்கே எல்லோரும் வாயில் போட்டுக்கொண்டே இருக்கும் கறுப்பு உப்பு மிட்டாய். நவச்சார உப்பு போட்டது. சித்தப்பா ஒன்றைப் போட்டுக்கொண்டு முற்றத்துப் பக்கம் போனவர் திரும்பி வரவில்லை. அத்தை மட்டும் முகம் மாறாமல் சப்பிவிட்டு, "இது அதிமதுரம்டி. தொண்டைக்கு நல்லது, எனக்கு ரெண்டு பாக்கெட் வை" என்றாள். உண்மையில் அது அதிமதுரம்தான்.

மணிவிழாவுக்கு என்ன பரிசு என்ற பேச்சு வந்தபோது என் திட்டத்தை வேறு மாதிரி வைத்தேன். மாமாவுக்கும் மாமிக்கும் தரங்கம்பாடியில் ஒரு ராத்திரி, என் செலவு. மாமா அரசுப் பேருந்தில் நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவர். மாயவரம்–பொறையாறு–காரைக்கால் தடத்தில் பல வருடம் "தரங்கம்பாடி இறங்கு" என்று கத்தியிருக்கிறார். வண்டி நிற்பது மெயின் ரோட்டில். அங்கிருந்து கோட்டைவாசல் வழியாகக் கடற்கரைக்கு நடந்து போனதில்லை. "ட்ரிப்பு ஷீட்டுல அதுக்கு எங்க டயம்?" என்றார்.

அம்மா யோசித்தாள். தம்பிக்குச் செய்வது என்றதும் அது ஊர் சுற்றலாக இல்லாமல் போய்விட்டது. பத்து நிமிடத்தில் சித்தி, "அப்ப நானும் வர்றேன், மாமிக்குத் துணையா இருக்கும்" என்றாள். அம்மாவும் துணைக்கு. சித்தி மகளும் துணைக்கு. இரவு சாப்பாட்டுக்குள் ஒரு வேன் பேசியாகிவிட்டது. நாங்கள் மூவர் மட்டும் என்று நினைத்த ராத்திரிக்கு இப்போது எட்டுப் பேர். கணவர் சிரித்த சிரிப்பை நான் மறக்கமாட்டேன். தஞ்சாவூரில் இருந்து போன் வந்தபோது மாமியார், "ஓ, குடும்பத்தோடயா போறீங்க? சரி சரி" என்று ஒரே வார்த்தையில் விட்டுவிட்டார்.

ஜூலை 11, வெள்ளி – திருக்கடையூர்

காலை நாலரைக்கு வேன். ஐந்தரைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஊரே மாலையும் கழுத்துமாக இருந்தது. எமனைக் காலால் உதைத்து மார்க்கண்டேயனைக் காப்பாற்றிய காலசம்ஹாரமூர்த்தி இருக்கும் கோயில் என்பதால் ஆயுளுக்காகச் செய்யும் சடங்கெல்லாம் இங்கேதான். ஐம்பத்தொன்பது முடிந்து அறுபது தொடங்கினால் உக்ரரத சாந்தி, அறுபது நிறைந்தால் சஷ்டியப்தபூர்த்தி, எழுபதில் பீமரத சாந்தி, எண்பதில் சதாபிஷேகம். பிரகாரம் முழுக்க வரிசையாக ஹோமகுண்டங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு தாத்தா, ஒரு பாட்டி, கண்ணில் புகை.

எல்லாம் ஒருவரிடம் மொத்தமாகப் பேசிவிடுவதுதான் இங்கே வழக்கம். கலசம் எத்தனை, குருக்கள் எத்தனை பேர், மேளம், போட்டோ, மண்டபத்தில் டிபன், சாப்பாடு எத்தனை இலை. கலசத்தின் எண்ணிக்கை கூடக்கூட விலையும் ஏறும். சித்தப்பா பேரம் பேசி முடித்திருந்தார், ஆனால் பாத்திரத் தட்சிணை, கோதானம் என்று தனித்தனியாக அவ்வப்போது ஒரு குரல் வந்துகொண்டே இருந்தது. பேசும்போதே "இதற்கு மேல் எதுவும் கிடையாது" என்று வாங்கிக்கொள்ளாதவர்கள் சட்டைப்பையில் நூறு ரூபாய்த் தாள்களாக வைத்துக்கொள்வது நல்லது.

பார்க்கவேண்டிய இடம் கலசாபிஷேகம். மாமாவையும் மாமியையும் பலகையில் உட்காரவைத்து, தலைக்கு மேல் சல்லடையைப் பிடித்து, அதன் வழியாகக் கலச நீரைப் பிள்ளைகள், மருமக்கள், பேரன் பேத்திகள் என்று ஒவ்வொருவராக ஊற்றுகிறார்கள். மாமாவின் மூக்குக்கண்ணாடியைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை. சல்லடையிலிருந்து நீர் பூத்தூவலாக விழுந்து கண்ணாடியில் வழிய, அவர் எதுவும் தெரியாமல், நடத்துனர் பழக்கத்தில் யார் யார் ஊற்றியாயிற்று என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். என் மகள் முறை வந்தபோது ஊற்றுவதற்குப் பதில் சொம்போடு கவிழ்த்துவிட்டாள். மாமி அந்தக் குளிரிலும் சிரித்தாள்.

தாலி கட்டும் நேரத்தில் ஒரே சமயத்தில் நாலு இடத்தில் கெட்டிமேளம். அத்தை பரவசத்தில் பக்கத்துக் குழுவின் தம்பதி மேல் அட்சதை தூவி, அவர்கள் காலிலும் விழுந்து எழுந்துவிட்டாள். அந்த அம்மாள், கோயம்புத்தூர்க்காரர் போல, "நல்லா இருங்க கண்ணு" என்று எழுபதைத் தொடும் என் அத்தையை வாழ்த்தி ஒரு ரவிக்கைத் துணியும் கொடுத்தார். அத்தை அதைத் திருப்பித் தரவில்லை.

டிபன் இட்லி, பொங்கல், வடை, கடப்பா. கும்பகோணம் பக்கத்துக் கடப்பா, பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சோம்பு வாசனையோடு. டென்மார்க்கில் நான் எத்தனை செய்தாலும் அது சாம்பாருக்கும் குருமாவுக்கும் நடுவில் நின்றுவிடும்.

பந்தியிலேயே நிறைய உறவுகளைப் பார்த்துவிட்டேன். இதில் பாதி வீடுகளைத் தலைகாட்டியதாக வைத்துக்கொள்ளலாம் என்ற என் கணக்கை அத்தை அங்கேயே உடைத்தாள். "கோயில்ல பாத்ததெல்லாம் கணக்குல சேராது. ஞாயித்துக்கிழமை கும்பகோணம் வந்து சாப்பிடற."

அதே நாள் மாலை – தரங்கம்பாடி

மூன்றரை மணிக்கு வேன் கோட்டைவாசலுக்குள் நுழைந்தது. 1792இல் டேனிஷ்காரர்கள் கட்டிய வெள்ளை வாயில், மேலே அவர்கள் அரச முத்திரை. உள்ளே ராஜா வீதி, அதன் கடைசியில் கடல். வாசலைத் தாண்டியதும் கடைகளின் சத்தமும் ஹாரனும் குறைந்துவிடுகிறது. மாமா வேன் டிரைவரிடம் "மெதுவா போப்பா" என்றார்.

டான்ஸ்போர்க் கோட்டை பூட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. சுண்டல் விற்கும் பையன், "நாளைக்குப் பத்து மணிக்குத் தொறப்பாங்க" என்றான். சித்திக்கு அதற்குள் "அப்ப திரும்பிடலாமே" என்ற எண்ணம் வந்துவிட்டது. ராத்திரி தங்குவதற்கு இத்தனை வலுவான காரணம் கிடைக்கும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. கோட்டையைப் பார்க்காமல் எப்படித் திரும்புவது?

லாட்ஜில்தான் சிக்கல். இரண்டு அறை சொல்லியிருந்தோம், தலைக்கு அல்ல, அறைக்கு 2,200 ரூபாய். முகூர்த்த நாள் என்பதால் ஓர் அறையை வேறொரு மணிவிழாக் கூட்டத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். வரவேற்பில் இருந்த பையன் மன்னிப்பும் கேட்கவில்லை, மறுக்கவும் இல்லை. "எக்ஸ்ட்ரா பாய் தர்றேன்க்கா" என்றான். பெண்கள் எல்லோரும் அறைக்குள், மாமாவும் என் கணவரும் மொட்டைமாடியில். கட்டிலில் மணப்பெண் என்று மாமியைப் படுக்கவைத்தோம். ஏசி இரண்டு முறை உறுமிவிட்டு அடங்கியது.

ஆறரை மணிக்குக் கடற்கரை. பகலின் சூடு போய்க் காற்று வரத் தொடங்கியிருந்தது. பௌர்ணமிக்கு மறுநாள், ஏழேகால் வாக்கில் நிலா கடலிலிருந்து நேராக எழும்பியது. அம்மா, சித்தி, மாமி மூவரும் புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு அலையில் நின்றார்கள். ஊரில் எனக்குத் தெரிந்து அவர்கள் இப்படி நின்றதில்லை, பார்க்கத் தெரிந்தவர்கள் யாராவது இருப்பார்கள் என்பதால். இங்கே யாரும் இல்லை. மாமா மட்டும் கரையிலேயே நின்றார், எல்லோர் செருப்பையும் எண்ணிக்கொண்டு.

ஜூலை 12, சனி – தரங்கம்பாடி

விடியற்காலையில் நானும் கணவரும் மட்டும் மாசிலாமணிநாதர் கோயிலுக்கு நடந்தோம். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306இல் கட்டியது. கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று முன்பகுதியைக் கொண்டுபோய்விட்டது. கரையில் கருங்கல் பாறைகளைக் கொட்டித் தடுத்திருக்கிறார்கள். ஒரு மீனவர் பாறைமேல் உட்கார்ந்து வலையின் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுனாமியில் இந்தப் பக்கம் எவ்வளவு தூரம் தண்ணீர் வந்தது என்று கேட்டேன். கையைத் தூக்கி எங்களுக்குப் பின்னால் காட்டினார், அவ்வளவுதான். மேலே கேட்கவில்லை.

நாங்கள் மட்டும் இருந்த நேரம் அந்த ஒரு மணி. லாட்ஜுக்குத் திரும்பியபோது "காபி ஆறிப்போச்சு, எங்க போனீங்க" என்று அம்மா.

பத்து மணிக்குக் கோட்டை. நுழைவுச் சீட்டு ஒரு காபி விலைகூட இல்லை. ஓவே யெத்தே என்ற கடற்படைத் தலைவர் கப்பலோடு வந்து தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் போட்டு, மிளகு வாணிபத்துக்காக 1620இல் எழுப்பியது. நாயக்கர் டேனிஷ் அரசனுக்குப் பொன்னோலையில் அனுப்பிய கடிதம் இன்னும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. உள்ளே பீங்கான் சாமான்கள், வாள்கள், பீரங்கிக் குண்டுகள், திமிங்கல எலும்பு, டேனிஷ் மொழிக் காகிதங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த கையெழுத்தை மகள் எழுத்துக்கூட்டி வாசிக்க ஆரம்பித்தாள். பழைய எழுத்து, பாதிதான் புரிந்தது. காவலாளி எழுந்து வந்து, "பாப்பா என்ன பாஷை?" என்றார். இத்தனை வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்த பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளை இன்னொரு வரியும் படிக்கச் சொன்னார். மாமா பெருமை தாங்காமல், "எங்க பேத்தி, டென்மார்க்கு" என்று அங்கே வந்திருந்த காரைக்கால் குடும்பத்திடமும் சொல்லிவிட்டு வந்தார்.

புதிய எருசலேம் தேவாலயம், 1718இல் கட்டியது, ராஜா வீதியிலேயே. 1706இல் வந்து தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்ட சீகன்பால்க் அங்கேதான் அடக்கம். மாமி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க் கும்பிட்டு வந்தாள்.

மதியம் மீன் சாப்பாடு. மீன்பிடித் தடைக்காலம் ஜூன் நடுவில் முடிந்துவிட்டதால் ஜூலையில் மீன் நன்றாகவே கிடைக்கிறது. ஆனால் சனிக்கிழமை. மாமா, அம்மா, சித்தி மூவருக்கும் ரசம் சோறு. நேற்று வெள்ளி, அதனால் நேற்றும் கிடையாது. இந்த நாள் கணக்குப் பார்த்தால் பயணத்தைச் செவ்வாயிலும் வைக்க முடியாது. எங்கள் மூவருக்கும் சாப்பாடு 150 ரூபாய், சங்கரா வறுவல் தனியாக 120. மாமியும் சனிக்கிழமை சாப்பிடமாட்டாள், ஆனாலும் என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, முள்ளை ஒவ்வொன்றாக விரல் நுனியால் தடவி எடுத்து, சதையை இலையோரம் குவித்துக்கொண்டே இருந்தாள். எழுந்து கை கழுவிவிட்டு விரலை ஒருமுறை முகர்ந்து பார்த்தாள். "நல்ல மீன்" என்றாள்.

ஜூலை 13, ஞாயிறு – கும்பகோணம்

அத்தை வீடு. பதினொன்றரைக்குள் போய்விட்டோம். ஒன்பது வகை, அதில் இரண்டு இனிப்பு. சாப்பிட்டதும் தூக்கம், நாலு மணிக்கு டிகிரி காபி. கோயம்புத்தூர் அம்மாள் கொடுத்த ரவிக்கைத் துணியை எனக்கே வைத்துக் கொடுத்தாள்.

ஜூலை 17, வியாழன் – தஞ்சாவூர்

ஆடி பிறந்துவிட்டது. நடுவில் போன வீடுகளைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, எல்லா வீட்டிலும் கேசரி. ஒரு வீட்டில் எங்களை எதிர்பார்த்தே இல்லை, அவர்கள் ஊரில் இல்லாததால் எங்களுக்குக் கொஞ்சம் தூங்க முடிந்தது.

மாமனார் மட்டும் இன்னும் சமாதானமாகவில்லை. "அவங்க மாமாவைக் கூட்டிட்டுப் போனாங்க, பாத்தியா" என்று மாமியாரிடம், எனக்குக் கேட்கிற தூரத்தில். ஆக நேற்று மாலை அவர்களைக் கல்லணைக்கு அழைத்துப் போனோம். வாடகைக் கார், வழியில் பஜ்ஜி. காவிரி மதகுகளில் பொங்கி விழுவதைப் பார்த்துவிட்டு மாமனார், "இதை விட்டுட்டுக் கடலைப் பாக்கப் போனீங்க" என்றார். மாமியார் போட்டோ எடுக்கச் சொன்னார், ஒன்றல்ல, பல.

நாளை மறுநாள் விமானம். பெட்டியில் வடகம், சாம்பார்ப்பொடி, மாவடு. எடை போட்டதில் ஒன்றரைக் கிலோ கூடுதல், எதை எடுப்பது என்று இன்னும் முடிவாகவில்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அத்தை போன் செய்தாள். அவள் வீட்டு மாமாவுக்கு அடுத்த வருடம் எழுபது நிறைகிறதாம், பீமரத சாந்தி, திருக்கடையூரில்தான். "கார்த்திகையில வருது. மழை இருக்கும், இருந்தா என்ன? நீ அந்தக் கடற்கரை ரூமை இப்பவே சொல்லி வை. ரெண்டு ரூம் போதாது, நாலு."